உள்ளே அளந்தால் 291, லேபிளில் 250: பிறிட்ஜ் கொள்ளளவு பற்றிய கேள்வி பதில்

பதில் சொல்பவர் அக்கரைப்பற்றில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் பட்டறை வைத்திருப்பவர்.

கல்லடி: அண்ணன், ரெண்டு கதவு பிறிட்ஜ். உள்ளே ரேப் வைத்து அளந்தேன். கீழே அகலம் 50, ஆழம் 54, உயரம் 82. பிறீசர் 46, 46, 33. எல்லாம் சென்ரிமீற்றர். பெருக்கினால் 291 லீற்றர் வருகுது, லேபிளில் 250. 41 லீற்றர் எங்கே போச்சு?

அளவெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அதனால் முழுசாகப் பார்ப்போம். பெருக்கல் சரிதான். 1000 கன சென்ரிமீற்றர் ஒரு லீற்றர். கீழ்ப்பெட்டி 221.4, பிறீசர் 69.8, கூட்டினால் 291.2. ஆனால் நீங்கள் அளந்தது ஆறு பக்கமும் நேரான ஒரு பெட்டியை. பிறிட்ஜின் உட்பக்கம் அப்படி இல்லை.

முதலில் அகலம். கதவுப் பக்கம் அளந்திருப்பீர்கள். உட்சுவர் என்பது சூடாக்கிய பிளாஸ்ரிக் தகட்டை அச்சில் உறிஞ்சி எடுப்பது. அச்சிலிருந்து கழன்று வர வேண்டும் என்பதால் சுவர்கள் பின்னால் போகப் போக ஒடுங்கும். பின்சுவரோரம் அளந்து பாருங்கள், 48 அளவில் நிற்கும். சராசரி 49 என்று எடுத்தால் கீழ்ப்பெட்டி 217 ஆகிறது. பிறீசர் பின்னால் 45 என்றால் சராசரி 45.5, அதுவும் 69.1 ஆகும். இதிலேயே 5 லீற்றர் போய்விட்டது.

அடுத்தது பெரிய திருடன், கொம்பிரசர் மேடு. மரக்கறிப் பெட்டியை வெளியே எடுத்துவிட்டுப் பின்பக்கம் பாருங்கள், ஒரு படி மாதிரி எழும்பி நிற்கும். அதற்கு மறுபக்கம்தான் கொம்பிரசர் உட்கார்ந்திருக்கிறது. ஆழத்தை மேல்தட்டில் அளந்தபடியால் இது உங்கள் கணக்கில் வரவேயில்லை. உங்கள் அளவுப் பெட்டிகளில் மேடு பெரும்பாலும் 18 ஆழம், 20 உயரம் இருக்கும். 50 × 18 × 20 போட்டால் 18 லீற்றர். மேடு சரிவாக இருந்தால் அதில் பாதி.

பின்சுவரின் நடுவில் துவாரங்களோடு ஒரு பலகை துருத்திக்கொண்டிருக்கும். பிறீசரிலிருந்து குளிர்காற்று இறங்கும் வழி அது. 22 அகலம், 5 தடிப்பு, 60 உயரம் என்று வைத்தால் 6.6 லீற்றர். இந்தத் துவாரத்தை முட்டிக்கொண்டு சாமான் அடுக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் கதவு. கதவின் உட்புறத்தில் இரண்டு ஓரமும் மேலிருந்து கீழாக வரம்பு போல எழும்பியிருக்கும், போத்தல் தட்டுகளைத் தாங்குவது அதுதான். கதவைச் சாத்தினால் அந்த வரம்பு உள்ளே வந்து இடம் பிடிக்கும். ஒன்று 4 அகலம், 9 ஆழம், 80 உயரம் என்றால் இரண்டுக்கும் 5.8 லீற்றர். பிறீசர் கதவில் 1.1. குளிர் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 1.8.

ஒடுக்கம் 5.1, மேடு 18, காற்றுவழி 6.6, கதவு வரம்புகள் 6.9, கட்டுப்பாட்டுப் பெட்டி 1.8. மொத்தம் 38.4. 291.2இல் கழித்தால் 252.8. மிச்சம் 3 லீற்றருக்குக் கிட்ட வளைந்த மூலைகளில் இருக்கும். மேட்டையும் வரம்பையும் நான் வழமையான அளவில்தான் போட்டிருக்கிறேன். உங்கள் பெட்டியில் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் அங்கே இங்கே போகும், 41 போகாது.

ஏறாவூர்: நானா, பிறீசருக்குப் பின்னால் இருக்கும் கொயிலைக் கழிக்க மறந்துட்டீங்களே?

மறக்கவில்லை. கல்லடிக்காரரின் ஆழங்களைப் பாருங்கள், கீழே 54, பிறீசரில் 46. நடுவே உள்ள 8 சென்ரிமீற்றரில்தான் கொயிலும் காற்றாடியும் இருக்கின்றன. அவர் கண்ணுக்குத் தெரிந்த பலகை வரைதான் அளந்தார், ஆகவே அது ஏற்கனவே வெளியே. இரண்டாந்தரம் கழித்தால் 12 லீற்றர் பிழைக்கும். தெரிகிற பலகைக்கு முன்னால் நிற்பதை மட்டும் கழிக்க வேண்டும்.

மட்டக்களப்பு நகரம்: என்னுடையது 310 வருகுது, லேபிளில் 268. கம்பனிக்காரன் ஏமாத்திட்டானா?

இல்லை. முதல் பதிலில் உங்கள் அளவுகளைப் போடுங்கள். மேட்டிலிருந்து தொடங்குங்கள்.

காத்தான்குடி: நானா, தண்ணியை ஊத்தி அளந்தா சரியான லீற்றர் வந்துடுமே?

வேண்டாம். அடியில் வடிகால் துளை இருக்கிறது, பின்பலகைக்குள் வயரும் காற்றுவழியும் இருக்கின்றன. தண்ணீர் அங்கே இறங்கினால் லீற்றர் தெரியாது, திருத்தக்கூலிதான் தெரியும்.

களுவாஞ்சிக்குடி: சேர், நான் பிறிட்ஜ் விற்ற ஆள். லேபிளில் குறைவதற்குக் காரணம் கண்ணாடித் தட்டும் மரக்கறிப் பெட்டியும். அதைச் சொல்லாமல் மேடு, வரம்பு என்று சுத்தி வளைக்கிறீர்கள்.

பாதி சரி, ஆனால் லேபிள் விஷயத்தில் அல்ல. கண்ணாடித் தட்டு 48 அகலம், 36 ஆழம், அரைச் சென்ரிமீற்றருக்கும் குறைந்த தடிப்பு. ஒன்றுக்கு ஒரு லீற்றர்கூட வராது. மூன்று தட்டுப் போட்டாலும் 41 லீற்றருக்குப் பக்கத்தில் போகாது.

அதோடு, 2015இல் வந்த ஐ.ஈ.சி. 62552 என்ற சர்வதேச நியமத்தின்படி கொள்ளளவு பார்க்கும்போது தட்டுகள், கழற்றக்கூடிய பெட்டிகள், விளக்கு மூடி எல்லாம் உள்ளே இல்லாத மாதிரியே கணக்கு. கொயில் இருக்கும் இடம், காற்றுவழி, கட்டுப்பாட்டுப் பெட்டி, கதவோடு சேர்த்து வார்த்த தட்டு, இவைதான் கழிபடும். அதற்கு முந்திய முறையில் கிறொஸ் என்று மொத்தக் கொள்ளளவு ஒன்று, நெற் என்று சாமான் வைக்கும் கொள்ளளவு ஒன்று. சில கடைகளில் இன்றைக்கும் பெரிய எண்ணைத்தான் வாயால் சொல்வார்கள், ஸ்ரிக்கரில் சின்னது இருக்கும். இரண்டு பிறிட்ஜை ஒப்பிடும்போது ஒன்றின் கிறொஸையும் மற்றதன் நெற்றையும் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

களுவாஞ்சிக்குடி, மறுபடியும்: அப்ப மரக்கறிப் பெட்டியை அளந்து பாருங்க சேர். அது வைக்கிற இடம் 49, 27, 20. பெட்டிக்கு உள்ளே 44, 24, 17. எட்டரை லீற்றர் சுத்திவர வீணாப் போகுது. அதில் ஒரு மிளகாய்கூட வைக்க ஏலாது.

அளவு பிடித்திருக்கிறது. இடம் 26.5, பெட்டி 18. வீணாவது உண்மை. ஆனால் அந்த எட்டரையையும் லேபிள் உள்ளே சேர்த்துத்தான் எண்ணுகிறது. நீங்கள் சொல்வது போல அதையும் கழித்திருந்தால் கல்லடிப் பெட்டி 250இல் நிற்காது, 242க்குக் கிட்ட இறங்கியிருக்கும். லேபிள் குறைந்ததற்குக் காரணம் என்று இதைச் சொல்ல முடியாது. லேபிளை விடவும் குறைவாகவே சாமான் போகும் என்பதற்குத்தான் இது காரணம்.

திருக்கோவில்: இடையில் வாறதுக்கு மன்னிக்கணும். களுவாஞ்சிக்குடி ஐயா சொல்றதுதான் நியாயம். வைக்க முடியாத இடத்தை ஏன் லீற்றர் என்று விற்கிறார்கள்?

பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே வேறு ஏதும் வைப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் நான் அதை இடமாகவே எண்ணுவேன். அவர் எண்ண மாட்டார். இதில் அவர் மனதை மாற்ற நான் முயலப் போவதில்லை.

வந்தாறுமூலை: ஒரு கதவு பிறிட்ஜ். உள்ளேயே பிறீசர் பெட்டி. இதுக்கும் அதே கணக்கா?

பிறீசர் பெட்டியை அதன் உள்ளளவில் தனியாக எடுங்கள், அதன் வெளியளவைக் கீழ்ப்பெட்டியிலிருந்து கழியுங்கள். பெட்டியின் சுவர்தான் குளிர்விப்பான், அதன் தடிப்பு இரண்டிலும் சேராது. இந்த வகையில் லேபிளில் தெரியாத இன்னொரு இழப்பு உறைபனி. 40 அகலம், 30 ஆழம், 18 உயரம் என்றால் 21.6 லீற்றர். கதவுப்பக்கம் தவிர எல்லாச் சுவரிலும் ஒரு சென்ரிமீற்றர் பனி பிடித்தால் 38 × 29 × 16, அதாவது 17.6. நாலு லீற்றர் பனிக்குப் போயிற்று. மாரியில் கதவைத் திறந்து திறந்து மூடும் வீடுகளில் இது சீக்கிரம் வரும். நிறுத்திவிட்டு உருக விடுங்கள். கத்தியால் குத்தினால் குளிர்வாயுக் குழாய் ஓட்டையாகும். பட்டறைக்கு அப்படி வந்த பெட்டிகளை எண்ணி முடியாது.

சம்மாந்துறை: நானா, 250 லீற்றர் என்று சொல்லித்தான் வாங்கினோம். விருந்துக்கு எடுத்த ஒரு லீற்றர் தயிர்ச் சட்டி இருபதும் உள்ளே போகல்ல. இருபது லீற்றர்தானே?

தங்கச்சி, தயிர்தான் இருபது லீற்றர், சட்டிகள் இல்லை. ஒரு சட்டி வாய்ப்பக்கம் 20 அகலம், 11 உயரம் என்று வையுங்கள். வட்டமாக இருந்தாலும் அது பிடிப்பது சதுரத்தை. 20 × 20 × 11, 4.4 லீற்றர். இருபதுக்கு 88.

அதுவும் நெருக்கமாக அடுக்க முடிந்தால்தான். தட்டு அகலம் 49, குறுக்கே இரண்டு சட்டிதான், 9 சென்ரிமீற்றர் சும்மா கிடக்கும். ஆழம் 36, ஒன்றுக்குப் பின் ஒன்று வைக்க 40 வேண்டும், ஆகவே ஒரு வரிசை மட்டும். இடைவெளி 24 என்றால் நடுவில் ஒரு பலகை வைத்து இரண்டு அடுக்கலாம். 42 லீற்றர் இடத்தில் நாலு சட்டி. பலகையின் நீளத்தைக் குறைத்து, பின்சுவரில் முட்டாமல் வையுங்கள், இல்லாவிட்டால் காற்றுத் துவாரம் அடைபட்டுக் கீழ்த்தட்டுத் தயிர் புளித்துவிடும். தட்டைக் கழற்றி இடைவெளியை மாற்றினால் இன்னும் சில போகும், இருபது போகாது.

வாழைச்சேனை: 300 லீற்றர் டீப் பிறீசரில் எத்தனை கிலோ மீன் போடலாம்?

லீற்றரைக் கிலோவாக்கும் சூத்திரம் மீனுக்கு இல்லை, இனத்துக்கு இனம் மாறும். பெட்டி வைத்திருக்கும் மீன்காரரைக் கேளுங்கள். அதிலும் ஒரு பக்கத்தில் கொம்பிரசர் படி உண்டு, ஏற்றக்கோடு போட்டிருந்தால் அதற்கு மேல் போட வேண்டாம்.

நிந்தவூர்: பழைய பெட்டியில் 9 கன அடி என்று இருக்கு.

28.3ஆல் பெருக்குங்கள். 255 லீற்றர்.

பொத்துவில்: புதுசு வாங்கின பிறகு கரண்ட் பில் கூடிட்டு, லீற்றர் கூடினதாலயா?

அது கொள்ளளவுக் கேள்வி இல்லை, வேறொரு நாள்.

கல்முனை: நானா, என்னுடையது 275 வருகுது, லேபிளில் 235...

மேடு! மரக்கறிப் பெட்டியை எடுத்துவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் பின்பக்க அகலத்தை அளந்து அனுப்புங்கள், அப்போது பேசுவோம். துவாரத்தை மூடிக்கொண்டு எதுவும் அடுக்கியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

செங்கலடி: கடையிலேயே அளந்து பார்க்க விடுவாங்களா? என்னத்தை அளக்கிறது?

விடுவார்கள், கதவு திறந்துதானே காட்டுகிறார்கள். தையல் ரேப் போதும். மேட்டின் உயரம், ஆழம் இரண்டையும் பாருங்கள். அப்புறம் உங்கள் வீட்டின் மிகப் பெரிய சட்டியின் அகலத்தைக் குறித்துக்கொண்டு போய், தட்டின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே லீற்றர் போட்ட இரண்டு பெட்டியில் தட்டு ஆழம் 36ம் 41மாக இருந்தால், 20 சென்ரிமீற்றர்ச் சட்டிக்கு முதலாவதில் ஒரு வரிசை, இரண்டாவதில் இரண்டு.