பில் பாக்கியை உறவு கெடாமல் கேட்பது: கேள்வி பதில்

திருப்பூர் பக்கம் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு லேபிள், பாக்ஸ் டிசைன் செய்கிறேன், 11 வருடமாகிறது. கேளுங்கள்.

18,000 ரூபாய் பில், 50 நாள் ஆகிவிட்டது. ஓனர் ‘அடுத்த வாரம் பாத்துக்கலாம் தம்பி’ என்றே சொல்கிறார். எப்படிக் கேட்பது?

முதலில் பில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் கைக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். சின்ன கம்பெனியில் சரி என்று சொல்பவர் ஓனர், பணத்தைப் போட்டுவிடுபவர் வேறு ஆள். நான் ஒருமுறை இரண்டு மாதம் மனம் புழுங்கிக் காத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் பில்லில் கம்பெனி பெயர் தவறாக இருந்ததால் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்கா அதை எடுத்து ஓரமாக வைத்திருந்தார். அதனால் அங்கே கேட்டுவிட்டு, அப்புறம் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: “அண்ணா, பாக்ஸ் டிசைன் பில் 18,000 பாக்கி இருக்கு. அக்கவுண்ட்ஸில் கேட்டேன், பில் சரியாக இருக்காம். புதன்கிழமை போட முடியுமா, இல்லை 10ஆம் தேதி வசதியா?” பில்லையும் கூடவே மறுபடி அனுப்புங்கள். பணம் எப்போது என்று கேட்டால் ‘பாக்கலாம்’ வரும், இரண்டு தேதி கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றைச் சொல்வார்கள். சனிக்கிழமை மட்டும் கேட்காதீர்கள், அன்று வாரச் சம்பளம் போடுகிற நாள்.

சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால் 45 நாளில் தந்தே ஆகணும். நேராக அரசு போர்ட்டலில் புகார் போடச் சொல்லுங்க!

45 நாள் என்பது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் உள்ள உச்சவரம்பு. எழுத்தில் இல்லையென்றால் 15 நாள்தான். புகார் போடலாம், ஆனால் போட்டபின் அந்த ஓனர் உங்களுக்கு வேலை தருவாரா? நான் உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சிடுகிறேன். 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி மார்ச் 31 வரை தராத தொகையை அந்த வருடச் செலவாக வரிக் கணக்கில் காட்ட முடியாது, கொடுக்கிற வருடத்தில்தான் காட்டலாம். அதனால் மார்ச்சில் ஆடிட்டரே ஓனரிடம் கேட்கிறார், நாம் வாய் திறக்க வேண்டியதில்லை. வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று தோராயமாக வரி கட்டுகிற சின்னக் கடைக்காரரிடம் மட்டும் இது எடுபடாது.

எனக்கும் இதே கதைதான், மச்சானுக்கு 40,000 கொடுத்தேன், கேட்டால் கோபப்படுகிறான்.

அது கைமாற்றுங்க, பில் இல்லை. வீட்டுப் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள்.

பாக்கி நிற்கும்போதே புது வேலை கேட்கிறார். மறுத்தால் வேறு ஆளிடம் போய்விடுவாரே?

மறுக்க வேண்டாம். “பழையதில் 10,000 வந்ததும் தொடங்கிடறேன் அண்ணா” என்று சொல்லிவிட்டு, பணம் வந்த அன்றே மாதிரி இரண்டை அனுப்பிவிடுங்கள். அச்சுக்குப் போகிற பைலை மட்டும் மீதி வந்தபின் கொடுங்கள். பைலைக் கொடுத்தபின் கேட்கிற பணத்துக்கு அவர்களிடம் அவசரமே இருக்காது.

தாமதத்துக்கு வட்டி போடலாமா?

ஒருவருக்கு 2% சேர்த்துப் பார்த்தேன், அதைக் கழித்துவிட்டு அசலை மட்டும் அனுப்பினார், நானும் விட்டுவிட்டேன். உங்களில் யாராவது வாங்கியிருந்தால் எப்படிச் சொல்லி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.