காயத்ரியில் குறையும் ஓர் அசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அலுவலக நண்பர் ஒருவர் வேதம் பத்தாயிரம் வருடப் பழமையானது, ஓர் எழுத்துகூட மாறாமல் வந்திருக்கிறது என்கிறார். என் தம்பியோ கி.மு. 1200 என்பதே மாக்ஸ் முல்லர் கிளப்பிவிட்ட கதை, எழுதாமல் வாயால் சொல்லி வந்தது எப்படி மாறாமல் இருக்கும் என்று கேட்கிறான். இருவரில் யார் சொல்வது சரி? வேதத்தின் சரியான காலம்தான் என்ன? நட்சத்திரக் கணக்கு, இரும்பு ஆகியவற்றை வைத்துச் சொல்பவை நம்பத்தக்கவையா? தமிழில் நல்ல மொழிபெயர்ப்பு எது?

கா. ச., ஓசூர்

அன்புள்ள கா. ச.,

உங்கள் நண்பரும் தம்பியும் ஒருவரை ஒருவர் ஜெயிக்கத்தான் பார்க்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் கடிதத்தை ஒதுக்கவும் முடியவில்லை. 'எப்படி மாறாமல் இருக்கும்' என்ற கேள்வி கொஞ்ச நாளாக எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கான விடை நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மந்திரத்திலேயே இருக்கிறது. உங்கள் நண்பர் அதைத் தினமும் சொல்பவராகவே இருக்கலாம். விரல்விட்டு எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

காயத்ரி என்பது சந்தத்தின் பெயர். அடிக்கு எட்டு அசை, மூன்று அடி, மொத்தம் இருபத்து நான்கு. (நம் யாப்பிலக்கணத்தின் நேர், நிரை அல்ல; உயிர் ஒன்றுக்கு அசை ஒன்று என்ற வடமொழிக் கணக்கு.) எண்ணுங்கள். தத்-ஸ-வி-துர்-வ-ரேண்-யம். ஏழு. பர்-கோ-தே-வஸ்-ய-தீ-ம-ஹி. எட்டு. தி-யோ-யோ-நஃ-ப்ர-சோ-த-யாத். எட்டு. ஆக இருபத்து மூன்று. காயத்ரி சந்தத்தின் பெயராலேயே புகழ்பெற்ற மந்திரத்தில் காயத்ரிக்கு ஓர் அசை குறைகிறது.

'வரேண்யம்' என்பதை 'வரேணியம்' என்று சொல்லிப் பாருங்கள், எட்டு வந்துவிடும். அதோடு நிற்கவில்லை. இந்தச் சந்தத்தில் அடியின் கடைசி நான்கு அசைகள் பெரும்பாலும் குறில், நெடில், குறில் என்று போய்க் கடைசியில் எதுவாகவும் முடியும். இரண்டாம் அடி 'ய-தீ-ம-ஹி', மூன்றாம் அடி 'ப்ர-சோ-த-யாத்'. இரண்டிலும் அந்த நடை இருக்கிறது. முதலடியை 'வ-ரே-ணி-யம்' என்று பிரித்தால் அங்கேயும் அதே நடை அச்சாக வந்து உட்காருகிறது. பாடியவர் காதில் 'வரேணியம்' என்றுதான் ஒலித்திருக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ரிக்வேதத்தின் மற்ற பாடல்களிலும் இந்தச் சொல் வரும்போது சந்தம் பொதுவாக நான்கு அசைதான் கேட்கிறது.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று உங்கள் நண்பர் கிளம்பினால், பழைய சந்த சாஸ்திரக்காரர்களுக்கே தெரியும் என்று சொல்லுங்கள். அசை குறைந்தால் 'இய' போன்றவற்றால் நிரப்பிக்கொள் என்று பிங்கலர் சூத்திரமே எழுதியிருக்கிறார். ஓர் அசை குறைந்த காயத்ரிக்கு 'நிச்ருத்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

கும்பகோணத்தில் நான் குடியிருந்த தெருவில் ஒரு கனபாடிகள் இருந்தார். திண்ணையில் பையன்களுக்குச் சந்தை சொல்லுவார். அவர் ஒரு தடவை சொன்னால் பையன்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். சொல் சரியாக இருந்து ஸ்வரம் பிசகினால்கூட விரல் உயரும், எல்லோரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். சுவடியும் புத்தகமும் அந்தப் பக்கமே கிடையாது. நான் ஒருநாள் இந்த அசைக் கணக்கைப் பெருமையாகக் கொண்டுபோய் அவரிடம் வைத்தேன். அவர் அசரவே இல்லை. "ஜபத்துல வரேணியம்னு சொல்லிக்கலாம். பாராயணத்துல வரேண்யம்தான்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். சரி பண்றதுக்கு நான் யாரு?" என்றார்.

அன்று எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் விளங்கியது. குறை இருக்கிறது என்று தெரிந்தும் அதைத் திருத்த மறுக்கும் ஒரு கூட்டம் இருந்தால்தான் இப்படி ஒரு பிசகு இவ்வளவு தூரம் பிழைத்து வரும். பாட்டைக் கதைபோலச் சொல்லி வந்தவர்களாக இருந்தால் சந்தம் இடிக்கிறதே என்று என்றைக்கோ சரிசெய்திருப்பார்கள்.

எப்படிக் காத்தார்கள் என்பதை இதே அடியில் காட்டுகிறேன். முதலில் பாட்டைத் தனித்தனிச் சொல்லாகப் பிரிப்பது பதபாடம். ரிக்வேதத்துக்கு அதைச் செய்தவர் சாகல்யர். அந்தச் சொற்களை முன்னும் பின்னுமாகக் கோப்பவை மற்ற பாடங்கள். அவற்றில் கனம் இப்படிப் போகும்: தத்ஸவிது: ஸவிதுஸ்தத் தத்ஸவிதுர்வரேண்யம் வரேண்யம் ஸவிதுஸ்தத் தத்ஸவிதுர்வரேண்யம். இது முடிந்ததும் 'ஸவிது:' என்பதிலிருந்து அடுத்த சுற்று. நடுவில் வரும் ஒரு சொல் மூன்று சுற்றுகளில் பதின்மூன்று முறை வாயில் வருகிறது. வெறும் திரும்பச் சொல்லல் என்று நினைத்துவிடாதீர்கள். 'ஸவிது:' என்ற சொல்லின் வாலைக் கவனியுங்கள். நிறுத்தினால் ஒரு ஒலி, 'த'வுக்கு முன்னால் 'ஸ்', 'வ'வுக்கு முன்னால் 'ர்'. பக்கத்துச் சொல் மாறினால் வாலும் மாறும். யாராவது ஒரு சொல்லைத் தவறாகப் பிடித்துக்கொண்டால், அடுத்த சுற்றில் புணர்ச்சி இடறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருவனுக்கு மறந்தால் பக்கத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள். கேரளத்தில் கடவல்லூர் கோயிலில் நடக்கும் அன்யோன்யத்தில் திருச்சூர், திருநாவாய் என்ற இரண்டு மடத்தாரும் எதிரெதிரே உட்கார்ந்து பிழை பிடிப்பதையே போட்டியாக வைத்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் தம்பியின் சந்தேகம் செல்லாது. நண்பரின் பெருமையும் முழுதாகச் செல்லாது. பாடங்களை அமைத்தவர்கள் கையில் வந்தபோதே அது 'வரேண்யம்' ஆகியிருந்தது. பூட்டுப் போடுவதற்கு முன்பே ஒலி கொஞ்சம் நழுவிவிட்டது. பூட்டிய பிறகு அசையவில்லை. பாணினி சாகல்யரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார், அதனால் பூட்டிய காலம் பாணினிக்கு முந்தியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 'த்ர்யம்பகம் யஜாமஹே' என்ற ம்ருத்யுஞ்ஜய மந்திரம் ஏழாம் மண்டலத்தில் மருத்துகள் என்ற தேவர்களைப் பற்றிய ஒரு பாட்டின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. த்ர்யம்பகனான ருத்ரனுக்கு அங்கே என்ன வேலை? சாகல்யர் இந்த ரிக்கைப் பதம் பிரிக்கவே இல்லை. ரிக்வேதம் முழுவதிலும் இப்படி அவர் விட்டவை ஆறுதான். பின்னால் வந்து சேர்ந்தவை என்று அறிஞர்கள் சொல்ல இதுவும் ஒரு காரணம். பின்னால் வந்தவர்கள் மந்திரத்தை நீக்கவும் இல்லை, தாங்களே பதம் பிரித்து இடைவெளியை நிரப்பவும் இல்லை. அப்படியே வைத்திருக்கிறார்கள்.

காலத்துக்கு வருகிறேன். முல்லரைத் திட்டுபவர்கள் அவர் எழுதியதைப் படித்திருந்தால் நன்றாக இருக்கும். 1859ல் அவர் செய்தது எளிய கணக்கு. புத்தருக்கு முன்னால் வேத இலக்கியம் பெரும்பாலும் முடிந்திருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி பிராம்மணங்களுக்கு இருநூறு, மந்திரத் தொகுப்புக்கு இருநூறு, பாடல்கள் இயற்றப்பட்டதற்கு இருநூறு. அப்படித்தான் கி.மு. 1200 வந்தது. இருநூறு என்பது ஊகம். அது அவருக்கே தெரியும். 1890ல் அவரே, பாடல்கள் கி.மு. 1000மா 3000மா என்று உலகில் எந்தச் சக்தியாலும் தீர்மானிக்க முடியாது என்ற பொருளில் சொல்லிவிட்டார். இதற்கு மேல் அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

அவர் 1900ல் காலமானார். சில வருடங்களில் துருக்கியில் ஹட்டுசா என்ற ஹிட்டைட் தலைநகரைத் தோண்டினார்கள். களிமண் ஏடுகளில் ஓர் உடன்படிக்கை கிடைத்தது. ஹிட்டைட் அரசன் சுப்பிலுலியூமாவுக்கும் அண்டை நாடான மித்தன்னியின் அரசன் ஷத்திவாசாவுக்கும் இடையே, ஏறக்குறைய கி.மு. 1350. அதில் சாட்சித் தெய்வங்களாக மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர். எகிப்து, அசீரிய அரசர் வரிசைகளோடு பொருந்துவதால் இதன் காலத்தில் பெரிய தகராறு இல்லை. எனக்கு இதைவிட முக்கியம் அங்கே கிடைத்த இன்னொரு ஏடு. கிக்குலி என்ற மித்தன்னிக் குதிரைப் பயிற்சியாளன் சொன்ன பாடம். குதிரை ஒரு சுற்று ஓடுவதற்கு அதில் வரும் சொல் 'ஐகவர்த்தன'. வேதத்தில் 'ஏக'. 'ஐ' பழையது, அதிலிருந்து வந்தது 'ஏ'. ஆகவே நம் கையில் இருக்கும் ரிக்வேதத்தின் ஒலிவடிவம் கிக்குலியின் சொல்லைவிட ஒரு படி இளையது.

உடனே 'ரிக்வேதம் 1350க்குப் பிந்தியது' என்று தம்பி குதிக்க வேண்டாம். காயத்ரியில் பார்த்தோமே, பூட்டுப் போடுவதற்கு முன் ஒலி நழுவலாம். பாடியவன் 'ஐக' என்று பாடி, ஓதியவர்கள் வாயில் அது 'ஏக' ஆகியிருக்கலாம். இரண்டும் நெடில் என்பதால் இந்த மாற்றத்தைச் சந்தம் காட்டிக்கொடுக்காது. பாடல் இயற்றிய காலம் வேறு, நமக்கு வந்த ஒலியின் காலம் வேறு. இந்த ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

நட்சத்திரக் கணக்கை விடுங்கள். திலகரும் யாக்கோபியும் 1893ல் தனித்தனியே கி.மு. 4000க்கும் அப்பால் போனார்கள். பாட்டில் வரும் உவமையை வானியல் அளவீடாகப் படித்தால் வேண்டிய ஆண்டைக் கொண்டுவந்துவிடலாம். இரும்பும் இப்போது உதவாது. ரிக்வேதத்தில் 'அயஸ்' என்ற உலோகப் பெயர் மட்டும் இருக்கிறது, கறுப்பு உலோகமான இரும்பு அதர்வத்தில்தான் தெளிவாக வருகிறது என்பது உண்மை. ஆனால் இரும்பின் காலமே மேலும் மேலும் பழமையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது, நம் சிவகளை வரை வந்தாயிற்று. நான் பிடித்துக்கொள்வது தேர்ச்சக்கரத்தின் ஆரங்களை. ஆரக்கால் வைத்த தேர் ரிக்வேதக் கவிகளுக்கு அன்றாடப் பொருள். அப்படிப்பட்ட தேர் நமக்குத் தெரிந்தவரை முதலில் கிடைப்பது யூரல் மலைக்குக் கிழக்கே சிந்தாஷ்டா புதைகுழிகளில், சுமார் கி.மு. 2000ல். பத்தாயிரம் வருடம் என்பவர் முதலில் அந்தத் தேருக்கு வழி சொல்லட்டும்.

பெரும்பாலான அறிஞர்கள் சொல்லும் கி.மு. 1500க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலம் என்பதையே நானும் ஏற்கிறேன். மேல் எல்லை கொஞ்சம் தளர்வானது, இன்னும் பழைய தேர் கிடைத்தால் அதுவும் நகரும். மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனியாக எழுதுங்கள், பார்க்கலாம்.