அனிமேஷன் கற்க ஓராண்டு: முதல் மூன்று மாதம் பந்து மட்டும்

"எனக்கு அனிமேஷனில் அ, ஆ கூடத் தெரியாது. வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு வருடத்தில் கற்க, வாரா வாரம் என்ன பயிற்சி செய்ய வேண்டும்?"

வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் மூன்று மாதம் பந்து, அடுத்த மூன்று மாதம் ஊசலும் வாலும் மாவு மூட்டையும், அப்புறம் மூன்று மாதம் நடை, மீதி மூன்று மாதம் ஒரே ஒரு காட்சி. முதல் பாதிக்குக் கையால் வரையும் மென்பொருளான க்ரிட்டா, மறுபாதிக்கு முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர். இரண்டும் இலவசம். பாத்திரத்தை நீங்களே செய்ய உட்காராதீர்கள். உருவத்தை வடிக்கும் மாடலிங்கும், அதை அசைக்க எலும்புக்கூடு பொருத்தும் ரிக்கிங்கும் தனி வேலைகள், அதிலேயே வருடம் போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் எளிய ரிக் ஒன்று போதும்.

வாரம் எப்போதும் ஒரே மாதிரி ஓடட்டும். ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரம் செய்யப்போகும் அசைவை ஃபோனில் படம் பிடித்து ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். வார நாட்களில் இரண்டு மாலை செய்யுங்கள். வியாழனன்று யாரிடமாவது காட்டுங்கள், விளக்கம் சொல்லாமல். சனியன்று அதையே திருத்துங்கள். திருத்தாமல் அடுத்த பயிற்சிக்குப் போகக் கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன்.

பந்துக்கு ஏன் மூன்று மாதம் என்றால், ஓர் அசைவுக்கு எத்தனை படம் என்ற டைமிங்கும், படத்துக்குப் படம் எவ்வளவு நகர்கிறது என்ற ஸ்பேசிங்கும் அதில்தான் மறைக்க இடமில்லாமல் தெரியும். ஃப்ரேம் வேகத்தை விநாடிக்கு 24 என்று வையுங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் வரைந்தால் போதும். பந்து 18 செ.மீ. விழுகிறது, விழ அரை விநாடி, அதாவது ஆறு இடைவெளி என்று கொள்ளுங்கள். அந்த இடைவெளிகள் மேலிருந்து 0.5, 1.5, 2.5, 3.5, 4.5, 5.5 செ.மீ. என்று வர வேண்டும். கூட்டிப் பாருங்கள், சரியாக 18 வரும். இவை 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை வரிசையின் பாதி, அந்த வரிசைதான் புவியீர்ப்பில் விழும் பொருளின் கணக்கு. நிஜத்தில் அரை விநாடியில் ஒரு பொருள் ஏறக்குறைய 1.2 மீட்டர் விழும். நெஞ்சு உயரத்திலிருந்து கைவிட்ட பந்து என்று நினைத்துக்கொள்ளலாம்.

இனி அது துள்ளி எழ வேண்டும். 8 செ.மீ. எழும் என்றால் இடைவெளிகள் 3.5, 2.5, 1.5, 0.5. உச்சியை ஒட்டிய இடைவெளி இப்போதும் அதே அரை செ.மீ.தான், புவியீர்ப்பு மாறவில்லையே! குறைந்தது படங்களின் எண்ணிக்கை மட்டும்: ஆறுக்குப் பதில் நான்கு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எல்லாத் துள்ளலுக்கும் ஒரே எண்ணிக்கையில் படம் வைத்து இடைவெளியை மட்டும் சுருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் பந்து துள்ளத் துள்ள மெதுவாகி, தண்ணீருக்குள் மிதப்பது போலத் தெரியும். இந்தக் கணக்கு கைக்கு வந்ததும் ரப்பர் பந்து, இரும்புக் குண்டு, டேபிள் டென்னிஸ் பந்து என்று வாரம் ஒன்றாக மாற்றுங்கள். மூன்றுக்கும் ஒரே கறுப்பு வட்டம்தான், நிறம் கொடுக்காதீர்கள். வியாழனன்று பார்ப்பவரிடம் "இது எதனால் ஆன பந்து?" என்று மட்டும் கேளுங்கள். சொல்லிவிட்டால் அந்த வாரம் தேறியது.

நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை ஒரே விஷயத்தைத்தான் தேடுகிறோம்: அடி முதலில் நகரும், நுனி பிந்தி வரும், அடி நின்ற பிறகும் நுனி கொஞ்சம் போகும். வாலின் எல்லாப் பகுதியும் ஒரே ஃப்ரேமில் திரும்பினால் அது குச்சி ஆகிவிடும். மூட்டையில் இதோடு எடையும் சேரும்.

ஏழாம் மாதம் பிளெண்டரில் நடை. ஒரு அடிக்கு 12 ஃப்ரேம். முதல் ஃப்ரேமில் குதிகால் தரையைத் தொடும், 4-ல் உடல் தாழும், 7-ல் ஒரு கால் மற்றதைக் கடக்கும், 10-ல் உடல் உயரும், 13-ல் மறுகால் தொடும். 25-ஆம் ஃப்ரேம் 1-ஆம் ஃப்ரேமின் நகல் என்பதால் `End` பெட்டியில் 24 என்று போடுங்கள். 25 போட்டால் ஒரே படம் இரண்டு முறை ஓடி, சுற்றுக்கு ஒருமுறை சிறு திக்கல் வரும். நின்ற இடத்திலேயே நடக்கவைக்கும்போது, தரையில் பதிந்த பாதம் பின்னோக்கிச் சீரான வேகத்தில் நகர வேண்டும். பாதத்தின் அசைவைக் காட்டும் வளைகோட்டில் அந்தப் பகுதியை `Linear` ஆக்குங்கள். இல்லையென்றால் பாதம் வழுக்கும். நடை பிடிபட்ட பிறகு களைத்தவர், சுமை தூக்கியவர் என்று வேறுபடுத்துங்கள்.

கடைசிக் காலாண்டில் எட்டுப் பத்து விநாடிக்கு ஒரே காட்சி. கனமான பெட்டியைத் தூக்க முயல்வது போல ஏதாவது. நீங்களே நடித்துப் படம் பிடியுங்கள். பத்தாம் மாதம் முக்கிய நிலைகள் மட்டும், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் சட்டென்று தாவும் `Constant` அமைப்பில், இடைப்படங்கள் இல்லாமல். கதை அப்போதே புரியவில்லை என்றால் இடைப்படங்கள் சேர்த்தாலும் புரியாது, அங்கேயே திருத்துங்கள். பதினோராம் மாதம் இடைப்படங்கள், பன்னிரண்டாம் மாதம் திருத்தம். வசனமும் வாயசைவும் இந்த வருடம் வேண்டாம். உதடு சரியாக அசைந்தும் உடல் மரமாக நிற்கும் காட்சிகள்தான் அதில் மிஞ்சும்.