கிளினிக்கில் 2.1, தனியார் லேப்பில் 2.9: எந்த எல்டிஎல் சரி?

"எனக்கு வயது 51, ஆறு வருடமாக இனிப்புநீர். அரசாங்க கிளினிக்கில் பட்டினியோடு ரத்தம் எடுத்தபோது மொத்த கொலஸ்ட்ரால் 5.0, எச்டிஎல் 0.9, டிரைகிளிசரைட் 4.4, எல்டிஎல் 2.1. போன மாதம் ஈப்போவில் ஒரு தனியார் லேப்பில் ரொட்டி சனாயும் தே தாரேவும் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தேன்: 5.1, 0.9, 4.9, எல்டிஎல் 2.9. எது பொய்? 2.1தான் உண்மை என்றால் இரவில் போடும் சிம்வாஸ்டாட்டின் 20 மாத்திரையை நிறுத்திவிட்டு, கூட்டாளி சொன்ன சிவப்பு அரிசி கேப்சூலுக்கு மாறலாமா? அண்ணனுக்கு 53 வயதில் மாரடைப்பு வந்தது."
– வாசகர், சுங்கை சிப்புட்

மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு இப்போது போடும் அளவே போதவில்லை என்றுதான் இரண்டு ரிப்போர்ட்டும் சொல்கின்றன.

கிளினிக் ரிப்போர்ட்டில் உள்ள 2.1 கருவியில் அளந்த எண் அல்ல, கணக்குப் போட்டு எடுத்தது. மொத்த கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைட்டை 2.2-ஆல் வகுத்து அதையும் கழிப்பார்கள். 5.0-இல் 0.9 போனால் 4.1, 4.4-ஐ வகுத்தால் 2.0, மிச்சம் 2.1. டிரைகிளிசரைட் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலை இந்த வகுத்தல் குத்துமதிப்பாகச் சொல்கிறது. டிரைகிளிசரைட் ஏற ஏற அந்தத் துகள்களில் கொழுப்பு கூடி, அந்த விகிதத்துக்குக் கொலஸ்ட்ரால் குறைந்துவிடும். கணக்கு அது தெரியாமல் அளவுக்கு மீறிக் கழித்துவிடுவதால் எல்டிஎல் நிஜத்தைவிட அழகாகத் தெரிகிறது. டிரைகிளிசரைட் 4.5-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது. நீங்கள் 4.4, மயிரிழையில் உள்ளே வந்த எண்ணை நம்பி மாத்திரையை விடப் பார்த்தீர்கள்.

ஈப்போவில் 4.9 வந்ததால் கணக்குக்கு இடமில்லை, எல்டிஎல்லை நேரடியாக அளந்திருப்பார்கள். 2.9 நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கலாம். ஆனால் டிரைகிளிசரைட் இவ்வளவு இருக்கும்போது நேரடி அளவும் தடுமாறும்; கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசமும் வரும். அதனால் எது பொய் என்ற சண்டையை விடுங்கள்.

இரண்டு ரிப்போர்ட்டிலும் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள். கிளினிக்கில் 4.1, ஈப்போவில் 4.2. பட்டினி இருந்தாலும் ரொட்டி சனாய் சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட அதே எண். இதற்கு நான்-எச்டிஎல் என்று பெயர். ரத்தக் குழாயில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கும். எல்டிஎல் மட்டுமல்ல, டிரைகிளிசரைட் சுமக்கும் துகள்களும்தான். இனிப்புநீர்க்காரருக்கு எல்டிஎல்லைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எல்டிஎல் இலக்கோடு 0.8 கூட்டினால் நான்-எச்டிஎல் இலக்கு கிடைக்கும். இனிப்புநீரும் அண்ணனின் மாரடைப்பும் சேர்ந்த உங்களுக்கு எல்டிஎல் 1.8-க்குக் கீழே, அதாவது நான்-எச்டிஎல் 2.6-க்குக் கீழே இருக்க வேண்டும். சிறுநீரில் புரதம் போவது போன்ற பாதிப்பு இருந்தால் மருத்துவர் இலக்கை இன்னும் இறக்குவார். நீங்கள் 4.1-இல் நிற்கிறீர்கள். பயப்பட வேண்டிய எண் இது ஒன்றுதான்.

சாப்பிட்டுவிட்டுப் போனது குற்றமில்லை. வழக்கமான சாப்பாடு டிரைகிளிசரைட்டைக் கொஞ்சம் ஏற்றும், மொத்தமும் எச்டிஎல்லும் அநேகமாக அசையாது. சாப்பிட்டுக் கொடுத்த ரத்தத்தில் டிரைகிளிசரைட் 5-க்கு மேல் போனால்தான் பட்டினியோடு திரும்ப எடுக்கச் சொல்வோம். அப்போதும் 10 முதல் 12 மணி நேரம் போதும், வெறும் தண்ணீர் குடிக்கலாம். அன்று காலை இனிப்புநீர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வரிசையில் நிற்காதீர்கள். சர்க்கரை தாழ்ந்து சாய்ந்துவிடுவீர்கள். ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடு போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரைகிளிசரைட் ஏறினால் கணையம் வெந்துவிடும் என்று வாட்சப்பில் வந்திருக்கும். அந்தப் பேச்சு பெரும்பாலும் 10-ஐத் தாண்டியவர்களுக்கு. பட்டினியிலும் 4.4 ஏன் என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். முதல் சந்தேகம் கட்டுப்படாத சர்க்கரை. எச்பிஏ1சி எவ்வளவு என்று எழுதவே இல்லை. அடுத்தது பீர், சம்சு, அதையும் எழுதவில்லை. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரே நாளைக்கு எத்தனை கோப்பை? தைராய்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சிவப்பு அரிசி கேப்சூல் என்பது ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த அரிசி, நாம் சமைக்கும் சிவப்பரிசி அல்ல. அதில் உள்ள முக்கியச் சரக்கு லோவாஸ்டாட்டின், அதாவது உங்கள் மாத்திரையின் அண்ணன் தம்பிதான். ஒரு கேப்சூலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. சிம்வாஸ்டாட்டினோடு சேர்த்தால் தசை நாசமாகலாம். தொடாதீர்கள்.

இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். "நான்-எச்டிஎல் 4.1 இருக்கிறது, மருந்தைக் கூட்ட வேண்டுமா?" என்று கேளுங்கள். மருந்தை மாற்றினால் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அதே லேப்பில் திரும்ப எடுங்கள்.