கென்யா ரிக் வேலை, பட்டன் போன், எம்-பெசா: கேள்வி பதில்

திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து போர்வெல் ரிக்கோடு கென்யா போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. அங்கே ரிக் கணக்கு வழக்கு பார்த்தவன் நான். கட்டணமெல்லாம் நான் கடைசியாகப் பார்த்த பட்டியல்படி. மாறியிருந்தால் புதிய பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மல்லசமுத்திரம்: உள்ளூர் ஹெல்பர்களுக்கு பேங்க் கணக்கே இல்லைங்க, கையில் பட்டன் போன்தான். கூலியை எப்படிப் போடுவது?

அவர்களுக்கு சிம்தான் கணக்கு. சபாரிகாம் என்ற போன் கம்பெனி எம்-பெசா என்ற பணச் சேவையை 2007இல் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். நெட் வேண்டியதில்லை. *334# போட்டால் மெனு வரும், எண்ணை அழுத்தி அழுத்தி உள்ளே போகலாம்.

முதலில் நீங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கி, எம்-பெசாவுக்குப் பதிவு செய்யுங்கள். பிறகு ஏஜெண்ட் கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால், அவர் தன் கணக்கில் இருக்கும் பணத்தை உங்கள் எண்ணுக்கு மாற்றிவிடுவார். போடுவதற்குக் கட்டணம் கிடையாது. ஹெல்பருக்கு அனுப்பும்போது அவருடைய எண், தொகை, உங்கள் பின் நம்பர் என்று வரிசையாகக் கேட்கும். கடைசியில் அவர் பெயர் திரையில் வரும். அதைப் படிக்காமல் சரி கொடுக்கவே கூடாது.

ஹெல்பர் தன் ஊர்க் கடைக்கு அடையாள அட்டையோடு போய், மெனுவில் பணம் எடுப்பதைத் தேர்ந்தெடுத்து, கடைச் சுவரில் எழுதியிருக்கும் ஏஜெண்ட் எண்ணையும் தொகையையும் பின்னையும் தானே தட்டுவார். இருவர் போனுக்கும் குறுஞ்செய்தி வந்த பிறகு ஏஜெண்ட் ரொக்கம் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்.

இதில் சிக்கல் வருவது ஏஜெண்டின் கையிருப்பில். அவரிடம் இரண்டு இருப்பு உண்டு: பெட்டியில் ரொக்கம், போனில் மின்பணம். நீங்கள் பணம் போட்டால் பெட்டி நிறையும், போன் குறையும். ஹெல்பர் எடுத்தால் நேர்மாறு. சம்பள நாளன்று மாலையில் பத்துப் பேரும் ஒரே கிராமத்துக் கடைக்குப் போய் நின்றால் பெட்டி காலியாகிவிடும். அதனால் முந்தின நாளே கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மூன்று கடைகளுக்குப் பிரித்துப் போகச் சொல்லுங்கள்.

நீங்கள் பெருந்தொகை போடப் போகும்போது இன்னொரு சிக்கல் வரும். "போனில் இருப்பு பத்தவில்லை, பணத்தை வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் ஏற்றிவிடுகிறேன்" என்பார். வைக்கவே வைக்காதீர்கள். செய்தி வந்து, பேலன்ஸும் பார்த்த பிறகுதான் கடையை விட்டு நகர வேண்டும்.

குமாரபாளையம்: ஏஜெண்டுக்கு அவசரம் என்றால் பின் சொல்லலாமா?

கூடாது.

வேலகவுண்டம்பட்டி: 3,000 ஷில்லிங் அனுப்பினேன். 2,400தான் வந்தது என்று பையன் சண்டைக்கு வருகிறான். யார் திருடினது?

யாரும் திருடவில்லைங்க. உங்கள் செய்தியில் அவன் பெயரும் 3,000மும் இருந்தால் பணம் முழுதாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஃபுலிசா வாங்கியிருக்கிறானா என்று கேளுங்கள். கணக்கில் பணம் இல்லாதபோது எம்-பெசா தரும் சிறு கடன் அது. அடுத்து எந்தப் பணம் உள்ளே வந்தாலும் தானாகவே பிடித்துக்கொள்ளும். அவன் போனில் உங்கள் பணம் வந்த செய்திக்கு அடுத்து, கடன் பிடித்த செய்தியும் இருக்கும். இரண்டையும் அவனையே படிக்கச் சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைத்துவிட்டோம் என்று ஒருவன் நம்பிவிட்டால் மற்றவர்களும் வேலைக்கு வரமாட்டார்கள். அதனால் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

சங்ககிரி: ஒரே தடவையாக எடுக்காமல் 2,500 2,500ஆக எடுத்தால் எப்போதும் லாபம். இதை யாரும் சொல்வதில்லையே?

பாதிதான் சரி, அண்ணா. 101 முதல் 2,500 வரை எடுக்க 29 ஷில்லிங். 5,000ஐ ஒரே தடவை எடுத்தால் 69, இரண்டாகப் பிரித்தால் 58. பதினொன்று மிச்சம். ஆனால் 3,500க்கு ஒரே தடவை 52தான். அதை 2,500, 1,000 என்று பிரித்தால் 58 ஆகி நட்டம். 7,500ஐ ஒரே தடவை எடுத்தாலும், மூன்று 2,500ஆக எடுத்தாலும் 87. 10,000க்கு நாலாகப் பிரித்தால் 116, ஒரே தடவை என்றால் 115.

எடப்பாடி: அப்போ அனுப்பும்போதே பிரித்து அனுப்பிவிடலாமே?

அங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். 5,000 அனுப்ப 57, இரண்டு 2,500 அனுப்ப 66. எப்படி வந்தாலும் பணம் ஒரே இருப்பில்தான் சேரும். ஒன்றாக அனுப்புங்கள், அவர் இரண்டாக எடுக்கட்டும். மொத்தம் 115 ஆகும். இரண்டையும் ஒரே தடவையில் செய்தால் 126.

சங்ககிரி: எங்கள் கடைக்காரர் பிரித்து எடுக்க விடமாட்டேன் என்றார். சட்டம் அப்படியா?

பணம் போடும்போது ஏஜெண்ட் கமிஷனுக்காகப் பிரித்துப் போடக் கூடாது என்பது விதி. அதையே எடுப்பதற்கும் பொருத்திச் சொல்கிறார் போலிருக்கிறது.

எடப்பாடி: இல்லைங்க, கூட்ட நேரத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை நோட்டில் எழுத அலுப்பு, அதுதான்.

இருக்கலாம். பதினொரு ஷில்லிங்குக்காக அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். சம்பள நாளில் பெட்டியில் ரொக்கம் வைத்திருக்கப் போகிறவர் அவர்தான்.

சங்ககிரி: பத்துப் பேருக்கு வாரா வாரம் என்றால் சும்மாவா? நான் விடமாட்டேன்.

உங்கள் விருப்பம். அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

ராசிபுரம்: "தவறுதலாக 4,000 போட்டுவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று போன் வருகிறது. செய்தியும் வந்திருக்கிறது. அனுப்பலாமா?

முதலில் பேலன்ஸ் பாருங்கள். உண்மையான செய்தி MPESA என்ற பெயரில்தான் வரும். சாதாரண எண்ணிலிருந்து அதே வாசகம் வந்திருந்தால் பொய். பேலன்ஸில் ஏறவில்லை என்றால் போனை வைத்துவிடுங்கள். உண்மையிலேயே ஏறியிருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள். முறைப்படி சபாரிகாமில் கேட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் தவறான எண்ணுக்கு அனுப்பிவிட்டாலும் அதே வழிதான். உறுதி செய்தியை உடனே 456க்கு அனுப்புங்கள். அந்த ஆளுக்கு முதலில் போன் போட்டுக் கெஞ்சினால், நீங்கள் பேசி முடிப்பதற்குள் அவர் எடுத்துவிடுவார். எடுத்துவிட்டால் மீட்பது கஷ்டம்.

பரமத்தி: மெனுவில் பாதியில் கட் ஆகிவிட்டது. மறுபடி அனுப்பட்டுமா?

கட் ஆனால் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை. பின் தட்டிய பிறகு கட் ஆகியிருந்தால் போயிருக்கலாம். பேலன்ஸ் பாருங்கள், அப்புறம் அனுப்புங்கள். இதற்கும் பேலன்ஸ்தான்.

பள்ளிபாளையம்: ஹெல்பருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பின்னை நான் வைத்துக்கொள்ளலாமா?

குமாரபாளையத்துக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். அவர் வீட்டில் படித்தவர் ஒருவர் இருப்பார், அவர் பார்த்துக்கொள்ளட்டும். கூலி கொடுப்பவர் கையில் கூலி வாங்குபவரின் பின் இருக்கவே கூடாது. பணம் ஒரு நாள் குறைந்தாலும் பழி உங்கள் மேல்தான் விழும்.

ஆட்டையாம்பட்டி: என் கூகுள் பே ஓப்பன் ஆக மாட்டேங்குது.

இது அதற்கான இடம் இல்லைங்க.

கொக்கராயன்பேட்டை: எங்கள் ஆத்தாவிடம் பட்டன் போன் மட்டும்தான், கணக்கு இல்லை. கென்யா மாதிரி இங்கே செய்ய முடியாதா?

அதே மாதிரி முடியாதுங்க. வோடபோன் எம்-பெசா இங்கேயும் 2013இல் வந்தது, 2019இல் நின்றுவிட்டது. *99# பட்டன் போனில் வேலை செய்யும், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். ஆனால் பின்னால் ஒரு வங்கிக் கணக்கு இருந்தே ஆக வேண்டும். குறைந்த விவரம் மட்டும் கொடுத்து எடுக்கும் வாலட்டில் பொருள் வாங்கலாம். அதிலிருந்து ரொக்கம் எடுக்க முடியாது, யாருக்கும் அனுப்பவும் முடியாது. ஆத்தாவுக்கு முதலில் இருப்புத் தொகை தேவையில்லாத ஜன்தன் கணக்கு ஒன்று தொடங்கி, அவர் கையிலிருக்கும் அதே எண்ணை அதில் பதியச் சொல்லுங்கள். அதன் பிறகு *99# உதவும்.

மோர்பாளையம்: நாங்கள் டான்சானியா போகிறோம், அங்கேயும் 334தானே?

இல்லை. அங்கே வோடாகாம் எம்-பெசாவுக்கு *150*00#. கட்டணமும் வேறு, கென்யா சிம் மெனுவை வைத்து அங்கே கூலி போட நினைக்காதீர்கள். டான்சானியாவில் ரிக் ஓட்டினவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.