அண்ணன் ஆடி முடிப்பதற்குள் ஆட்டமே ஆறிவிடுகிறது

கேள்வி: ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டில் நால்வர், பொருள் அட்டைகளைச் சேர்த்துச் சாலையும் குடியிருப்பும் கட்டும் கட்டான் என்ற பலகை விளையாட்டை ஆடுகிறோம். ஆம்பூரிலிருந்து வரும் என் அண்ணன் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் யோசிக்கிறார். அவர் காட்பாடியில் ரயிலைப் பிடிக்கக் கிளம்பும்போது ஆட்டம் பாதியில் நிற்கிறது. வயதில் மூத்தவரிடம் எப்படிச் சொல்வது?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அவர் எங்கே தேங்குகிறார் என்பதை முதலில் கவனியுங்கள், சகோதரி. பகடை விழுந்த பிறகுதான் கையிலுள்ள அட்டைகளை எண்ணத் தொடங்குகிறார் என்றால், மற்ற மூவர் ஆடிய நேரம் முழுவதும் அவருக்கு வீணாகியிருக்கிறது. கட்டானில் யார் பகடை உருட்டினாலும் எல்லோருக்கும் அட்டை வர வாய்ப்புண்டு. அதனால் தம் முறை வருவதற்கு முன்பே, 'அடுத்து எதைக் கட்டப்போகிறேன், அதற்கு எது குறைகிறது' என்று அவர் முடிவு செய்துகொள்ளலாம்.

அவர் கையில் செங்கல் இரண்டு, மரம் ஒன்று, கம்பளி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடியிருப்பு கட்ட இடம் தயார்; குறைவது கோதுமை மட்டும். பகடையில் கோதுமை வந்தால் கட்டிவிடலாம். வராவிட்டால், மிஞ்சிய செங்கலைக் காட்டி, "யாராவது கோதுமை தருவீர்களா?" என்று ஒரே ஒரு முறை கேட்கட்டும். யாரும் தராவிட்டால் பகடையை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். கையில் ஏழு அட்டைக்கு மேல் சேர்ந்தால்தான் ஏழு விழும்போது பாதியை இழக்க நேரிடும். நான்கு அட்டையோடு காத்திருப்பதில் அந்தப் பயம் இல்லை.

இரண்டு நிமிட மணல் கடிகாரம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நால்வருக்கும் பொதுவாக. அவர் முறைக்கு மட்டும் அதைத் திருப்பினால் மனம் புண்படும். மணல் தீர்ந்தால் முறையைப் பறிக்க வேண்டாம். பேரம் அத்தோடு முடிந்தது, கையில் இருப்பதைக் கொண்டு கட்ட முடிந்ததைக் கட்டிவிட்டு நகர வேண்டும், அவ்வளவுதான். சதுரங்கக் கடிகாரம் இதற்குச் சரிவராது. பேரத்தில் அடுத்தவர் இழுத்தடிக்கும் நேரமும் இவர் கணக்கில் ஏறும், அது நியாயமில்லை.

நீங்கள் மூவரும் ஒன்றைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். "அங்கே சாலை போடுங்கள்", "இங்கே நகரமாக்குங்கள்" என்று உதவுவதாக நினைத்துச் சொல்லும் ஒவ்வொரு யோசனைக்கும் அவர் முதலிலிருந்து கணக்குப் போடுவார். பாதித் தாமதம் அங்கேதான் பிறக்கிறது. தொடக்கத்தில் குடியிருப்பு வைக்கவே நேரம் போகிறது என்றால், விதிப் புத்தகத்தில் புதியவர்களுக்காகக் கொடுத்திருக்கும் அமைப்பையே கொஞ்ச நாள் பயன்படுத்துங்கள்.

இதை எல்லோர் முன்னிலையிலும் பேச வேண்டாம். வெள்ளிக்கிழமையே தொலைபேசியில், "அண்ணா, ரயிலுக்கு முன் ஒரு ஆட்டமாவது முடியட்டும். இந்த வாரம் எல்லோரும் மணல் கடிகாரம் வைத்து ஆடலாமா?" என்று கேளுங்கள். நிதானமாக யோசிப்பதுதான் அவருக்கு ஆட்டத்தின் சுகமே என்றால், அதை அவரிடமிருந்து பறிக்காதீர்கள். நால்வரும் கூடும்போது சிறிய ஆட்டம் ஒன்றை எடுங்கள். மற்றவர்கள் சமையலில் இருக்கும் நேரத்தில் அவரோடு ஒருவர் சதுரங்கத்துக்கு உட்காரட்டும்.