கலுங்கில் ஒரு அடி

வணக்கம். வருங்கால மதுரையை வைத்து ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வீடு எந்நேரமும் தண்ணீர், கோடையிலும் வற்றாத கண்மாய்கள், யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இதற்காகக் கீழே ஒரு ஊரைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்பதுதான் ரகசியம். பதினாறு வயது செல்வி, ஆணையரின் அறைக்குள் புகுந்து அந்த ரகசியம் எழுதியிருக்கும் கோப்பை எடுத்துவிடுகிறாள். படித்த தோழிகள் எல்லாரும் அந்த இடத்தில்தான் கதை விழுந்துவிட்டது என்கிறார்கள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.
ஒரு வாசகி, ஒத்தக்கடை

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கோப்பை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள்? கோப்பு என்று ஒன்று வந்துவிட்டால் தெரிந்தே செய்தவர் ஒருவர் வந்துவிடுகிறார். பழி முழுவதும் அவர் தலையில் இறங்கிவிடுகிறது, நகரம் தப்பித்துக்கொள்கிறது. செல்விக்கும் பூட்டை உடைப்பதைத் தவிர வேலை இல்லை.

'உடோப்பியா' என்ற சொல்லை நமக்குத் தந்த தாமஸ் மோரின் நூல் 1516இல் வெளிவந்தது. அந்த நாட்டில் ஆடுமாடுகளை வெட்டிக் கழுவும் வேலை நகருக்கு வெளியே, அடிமைகளின் கையால் நடக்கிறது. குடிமக்கள் வெட்டிப் பழகினால் அவர்களுடைய இரக்கம் மரத்துப்போகுமாம். இதைச் சொல்பவர் அந்த நாட்டின் சிறப்பாகத்தான் சொல்கிறார். அந்தச் சிறப்புக்குக் கொடுத்த விலை எங்கும் பூட்டிவைக்கப்படவில்லை. புகழ்ச்சிக்கு உள்ளேயே இருக்கிறது. உங்கள் நகரத்தின் ரகசியத்தையும் அப்படித்தான் வைக்க வேண்டும் என்பேன்.

அதற்கு உங்கள் ஊர்ப்பக்கமே வழி இருக்கிறது. நம் கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கரையில் உள்ள கலுங்குச் சுவர்மேல் வழிந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் பலகையும் வைத்து அடைத்து, கடைசித் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்குவார்கள். அடுத்த மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். உங்கள் நகரம் அதை எடுக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு அடி உயரத்துக்கு சிமெண்ட் பூசிவிட்டது. செய்ததெல்லாம் இவ்வளவுதான். திறப்பு விழாவில் மாலைகூடப் போட்டிருப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். கண்மாய் 100 ஏக்கர் என்றால் ஒரு அடி உயரத்தில் நிற்பது ஏறக்குறைய 12 கோடி லிட்டர். நெல்லுக்கு ஒரு போகத்தில் வயலில் சுமார் 4 அடி தண்ணீர் நிற்கும் அளவு வேண்டும். ஆகவே கீழே 25 ஏக்கர் நெல் போய்விட்டது. நல்ல மழை வருஷத்தில் இது யார் கண்ணிலும் படாது. அந்த ஒரு அடியும் நிறைந்து, அதற்கு மேலும் மறுகால் பாய்ந்து, கீழ்க் கண்மாயும் பெருகிவிடும். மட்டான மழை பெய்யும் வருஷத்தில்தான் கீழே போக வேண்டியது முழுவதும் அந்த ஒரு அடிக்குள் அடங்கிப்போகும். அப்போதும் கீழூர்க்காரர்கள் "இந்த வருஷம் மழை இல்லை" என்பார்கள். தண்ணீரைப் பறிகொடுத்தவர்களே மழையைக் குறை சொல்லும்போது ரகசியத்துக்குக் காவலே தேவையில்லை.

செல்வி எப்படிக் கண்டுபிடிப்பாள்? கீழூருக்கு ஒரு கிடாவெட்டுக்குப் போகட்டும். கண்மாய் முழுக்க சீமைக்கருவேலம். "கடைசியா எப்ப மறுகா பாஞ்சுச்சு அப்பத்தா?" என்று ஒரு கிழவியிடம் கேட்கட்டும். அவள் சொல்லும் வருஷங்கள் எல்லாம் பெருமழை வருஷங்கள். ஊர் திரும்பியதும் கலுங்கில் போய் உட்காரட்டும். கீழே இருக்கும் கல், தண்ணீர் ஓடி ஓடி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மேலே இருக்கும் ஒரு அடி தேயவே இல்லை. அவள் கை வைத்துப் பார்க்கட்டும், போதும்.

வில்லன் வேண்டாம் என்பதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில், என் சித்தப்பா ஒரு ராத்திரி கலுங்கில் மணல்மூட்டை அடுக்கியபோது சாக்கு வாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அவரைவிட நல்ல மனிதரை நான் கண்டதில்லை. கீழூரில் அந்த வருஷம் நாற்று கருகியதைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் பார்த்தேன். அதைப் பற்றி இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை.

எழுதி முடித்ததும் ஒன்று செய்து பாருங்கள். ரகசியத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கதையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நகரம் அப்படியே சுகமாக நடந்தால் ரகசியம் வெறும் ஒட்டுதான். இப்போது உள்ள பிரதியில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கலுங்கை ஒரு அடி இறக்கினால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். கரையோரத் தெருக்களில் கிணறுகள் கீழே இறங்கும். முதலில் வற்றுவது செல்வியின் அப்பத்தா வீட்டுக் கிணறாக இருக்கட்டும். கீழூரிலிருந்து வந்த அன்று இரவு, அந்தக் கிணற்றில் இறைத்த தண்ணீரில்தான் அவள் கால் கழுவுகிறாள். அப்பத்தாவிடம் அவள் என்ன சொல்கிறாள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.